கால் ஆப்ஷன் விலை தப்பாக வருகிறதா? பிளாக்-ஷோல்ஸ் ஷீட்டை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தை எக்ஸெலில் போட்டுவிட்டு, "விலை ஒத்துப்போகவே இல்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று ஷீட்டை அனுப்புகிறவர்கள் நிறைய. திறந்து பார்த்தால் திரும்பத் திரும்ப அதே சில பிழைகள்தான். இதில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பிழையும் தனக்கென்று ஒரு எண்ணைக் கொடுக்கும். சரியான விடை தெரிந்த ஒரு கணக்கை உங்கள் ஷீட்டில் போட்டுப் பார்த்தால், வரும் தப்பான எண்ணை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அந்தக் கணக்குக்கு நிஃப்டி 50 ஆப்ஷனை எடுத்துக்கொள்கிறேன். அது ஐரோப்பிய வகை. எக்ஸ்பைரி நாளில் மட்டுமே செட்டில் ஆகும் என்பதால் சூத்திரம் அதற்கு அப்படியே பொருந்தும். எண்கள் உதாரணத்துக்கானவை: ஸ்பாட் 24,000, ஸ்ட்ரைக் 24,500, எக்ஸ்பைரிக்கு 30 நாள், வட்டி ஆண்டுக்கு 6.5%, வாலட்டிலிட்டி ஆண்டுக்கு 13%. சூத்திரத்தில் இவை முறையே S, K, T, r, σ. இவற்றை இந்த வரிசையில் B1 முதல் B5 வரை போடுங்கள். B3-இல் `=30/365`, B4-இல் 0.065, B5-இல் 0.13. அப்புறம்:

```
B6: =(LN(B1/B2)+(B4+B5^2/2)*B3)/(B5*SQRT(B3))
B7: =B6-B5*SQRT(B3)
B8: =B1*NORM.S.DIST(B6,TRUE)-B2*EXP(-B4*B3)*NORM.S.DIST(B7,TRUE)
```

B6 என்பது d1, −0.391 வர வேண்டும். B7 என்பது d2, −0.429 வர வேண்டும். B8-இல் கால் விலை 204.6. இந்த மூன்றும் வந்துவிட்டால் உங்கள் சூத்திரத்தில் குறை இல்லை. நேரே "ஷீட் சரி, சந்தை விலையோடு ஒட்டவில்லை" என்ற பகுதிக்குப் போய்விடலாம். வராவிட்டால், வந்த எண்ணைப் பார்த்துக் கீழே தேடுங்கள்.

## அறிகுறி: விலை பல்லாயிரத்தில் வருகிறது

இது எளிய பிழை. ஏதோ ஓர் உள்ளீடு தப்பான அலகில் நுழைந்திருக்கிறது.

சுமார் 22,500 வந்தால் வாலட்டிலிட்டியில் 0.13-க்குப் பதில் 13 இருக்கிறது. அதாவது ஆண்டுக்கு 1300% ஆடும் குறியீடு என்று ஷீட் நினைத்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் செல்லின் வடிவமைப்புதான் காரணம். செல் ஏற்கெனவே சதவீத வடிவில் இருந்தால் 13 என்று அடித்தாலே 13% ஆகிவிடும். சாதாரண வடிவில் இருந்தால் 13 என்பது பதின்மூன்றேதான். பழைய ஷீட்டிலிருந்து புதிய ஷீட்டுக்கு மதிப்பை மட்டும் கையால் அடிக்கும்போது இது நடக்கும்.

சுமார் 20,500 வந்தால் காலம் நாளிலேயே நிற்கிறது. B3-இல் எக்ஸ்பைரி தேதியிலிருந்து இன்றைய தேதியைக் கழித்துவிட்டு, 365-ஆல் வகுக்காமல் விட்டிருப்பார்கள். தேதியைக் கழித்த செல் தானும் ஒரு தேதி போலவே காட்சியளிக்கலாம் (30 என்பது 1900 ஜனவரி 30 ஆகத் தெரியும்). அதனால் கண்ணுக்கு உடனே படாது. செல்லை எண் வடிவுக்கு மாற்றிப் பாருங்கள்.

சுமார் 9,640 வந்தால் வட்டியில் 0.065-க்குப் பதில் 6.5 இருக்கிறது.

மூன்றுக்கும் சோதனை ஒன்றுதான். B3, B4, B5 மூன்றையும் சாதாரண எண் வடிவுக்கு மாற்றுங்கள். மூன்றுமே 1-க்குக் கீழ் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட ஆப்ஷனுக்கு மட்டும் B3 அதைத் தாண்டலாம்.

## அறிகுறி: விலை பூஜ்யம்

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பிரித்தறிய ஒரே ஒரு மாற்றம் போதும்: ஸ்ட்ரைக்கை 24,500-இலிருந்து 20,000-க்கு இறக்குங்கள். அந்தக் காலின் விலை 4,000-க்கு மேல் வந்தே ஆக வேண்டும்.

அப்போதும் பூஜ்யமே வந்தால் `NORM.S.DIST`-இன் இரண்டாவது இடத்தில் `FALSE` இருக்கிறது. அப்படிக் கொடுத்தால் எக்ஸெல் திரண்ட நிகழ்தகவைத் தராமல் மணி வளைவின் உயரத்தைத் தரும். S-ஐ d1-இன் உயரத்தால் பெருக்கினாலும், தள்ளுபடி செய்த K-ஐ d2-இன் உயரத்தால் பெருக்கினாலும் ஒரே எண் வரும். இது சூத்திரத்துக்குள்ளேயே இருக்கும் சமன்பாடு. அதனால் எந்த ஸ்ட்ரைக், எந்தக் காலம், எந்த வட்டி கொடுத்தாலும் கழித்தால் பூஜ்யம்தான். சில சமயம் 0.000000000001 போன்ற மிச்சம் காட்டும்; அதுவும் இதே பிழைதான்.

20,000-க்குச் சரியான விலை வந்து, 24,500-க்கு மட்டும் பூஜ்யம் என்றால் வாலட்டிலிட்டி மிகச் சிறியது. தினசரி மாற்றங்களின் திட்ட விலக்கத்தை எடுத்து, அதை ஆண்டுக்கு மாற்றாமல் B5-இல் போட்டிருப்பார்கள். ஆண்டுக்கு 13% என்பது ஒரு வர்த்தக நாளுக்குச் சுமார் 0.82%. B5-இல் 0.0082 இருந்தால் d1 −6.5 வரை போய்விடும், விலை மிஞ்சாது. தினசரி எண்ணை 252-இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 15.87-ஆல் பெருக்குங்கள்.

## அறிகுறி: விலை மைனஸில் வருகிறது

கால் ஆப்ஷனின் விலை எந்த நிலையிலும் பூஜ்யத்துக்குக் கீழ் போகாது. மைனஸ் வந்தால் உள்ளீட்டைத் தேட வேண்டாம், d2-ஐப் பாருங்கள்.

−466 அளவில் வந்தால் B7-இல் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறீர்கள். −32 அளவில் வந்தால் கழித்திருக்கிறீர்கள், ஆனால் `SQRT` விட்டுப்போய் σ-ஐ வெறும் T-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். இரண்டாவது வகைதான் ஆபத்து. பணத்துக்குள் ஆழமாக இருக்கும் ஸ்ட்ரைக்குகளில் இந்தப் பிழை விலையை மைனஸுக்குக் கொண்டுபோகாது, கொஞ்சம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். அந்த ஸ்ட்ரைக்குகளை மட்டும் சோதித்தவர் ஷீட் சரியென்றே நம்பியிருப்பார்.

## அறிகுறி: விலைக்குப் பதில் பிழைச் செய்தி

`#DIV/0!` வந்தால் T அல்லது σ பூஜ்யம். எக்ஸ்பைரி நாளன்று தேதியை மட்டும் கழித்தால் T பூஜ்யமாகிவிடும். அன்று காலையில் ஆப்ஷனுக்கு இன்னும் சில மணி நேர உயிர் இருக்கிறது. தேதியோடு மாலை 3.30 மணியையும் சேர்த்து எழுதி, `NOW()`-ஐக் கழியுங்கள். 3.30-க்கு அப்புறம் சூத்திரமே வேண்டாம், `=MAX(B1-B2,0)` போதும்.

`#NUM!` வந்தால் T மைனஸ் ஆகியிருக்கும் (முடிந்துபோன எக்ஸ்பைரி), அல்லது ஸ்பாட் செல்லில் இன்னும் விலை வந்து சேராமல் 0 நிற்கும். `#VALUE!` வந்தால் ஏதோ ஓர் உள்ளீடு எழுத்தாக இருக்கிறது. இணையத்திலிருந்து ஒட்டிய எண்களோடு கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

## அறிகுறி: நம்பும்படியான விலை வருகிறது, ஆனால் 204.6 இல்லை

மேலே சொன்னவை எல்லாம் தாமே காட்டிக்கொடுக்கும் பிழைகள். இவை காட்டிக்கொடுக்காது. அதனால்தான் சரியான விடை தெரிந்த கணக்கோடு ஒப்பிடாமல் எந்த ஷீட்டையும் நம்பக் கூடாது என்று சொல்கிறேன்.

187.4 வந்தால் `LN`-க்குப் பதில் `LOG` போட்டிருக்கிறீர்கள். எக்ஸெல் ஷீட்டில் `LOG` என்பது பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை. சூத்திரத்துக்கு வேண்டியது இயல் மடக்கை. வி.பி.ஏ.-வில் `Log` என்றால் இயல் மடக்கை, பைத்தானில் `math.log`-உம் அப்படியே. அங்கே சரியாக ஓடிய சூத்திரத்தை ஷீட்டுக்குக் கொண்டுவரும்போது இந்தப் பிழை நுழைகிறது. 24,000 ஸ்ட்ரைக்கில் ஸ்பாட்டும் ஸ்ட்ரைக்கும் சமம் என்பதால் இரண்டு மடக்கையும் பூஜ்யம். அங்கே இந்தப் பிழை தெரியவே தெரியாது. ஸ்பாட்டுக்குத் தள்ளி இருக்கும் ஸ்ட்ரைக்கில்தான் சோதிக்க வேண்டும்.

161.0 வந்தால் ஸ்ட்ரைக்கைத் தள்ளுபடி செய்யும் `EXP(-B4*B3)` விட்டுப்போயிருக்கிறது.

இரண்டும் இல்லாத வேறோர் எண் வந்தால் உள்ளீடுகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். ஒன்றை மாற்றும்போது மற்ற நான்கும் அப்படியே இருக்கட்டும். பார்த்ததும் பழைய மதிப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

ஸ்பாட்டை 100 புள்ளி ஏற்றினால் விலை சுமார் 37 ரூபாய் ஏற வேண்டும். 100 இறக்கினால் சுமார் 33 இறங்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் சமமாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் கால் விலை ஒரு வளைவு. மேலே போகப் போக ஸ்பாட்டோடு நெருங்கி நகரும். ஸ்ட்ரைக்கை 100 ஏற்றினால் விலை சுமார் 31 குறையும். வாலட்டிலிட்டியை 13%-இலிருந்து 14% ஆக்கினால் ஏறக்குறைய 25½ ரூபாய் கூடும். ஒரு நாள் குறைத்தால் 7 ரூபாய் கரையும். வட்டியை முழுதாக ஒரு சதவீதம் கூட்டினாலும் 6.8 ரூபாய்தான் கூடும்.

எந்த உள்ளீடு தப்பான அளவுக்கு நகர்த்துகிறதோ, அது வரும் இடங்களில்தான் பிழை. வட்டியைக் கூட்டினால் விலை இறங்குகிறது என்றால் `EXP`-க்குள் மைனஸ் குறி இல்லை. வாலட்டிலிட்டியைக் கூட்டினால் விலை இறங்குகிறது என்றால் d1, d2 வரிகளில் எங்கோ குறி புரண்டிருக்கிறது.

இந்த எண்கள் இன்னொன்றும் சொல்கின்றன. வட்டி 6.5-ஆ 6.75-ஆ என்று பலர் நெடுநேரம் தேடுகிறார்கள். ஒரு மாத ஆப்ஷனில் அந்தக் கால் சதவீதம் இரண்டு ரூபாய்கூட இல்லை. வாலட்டிலிட்டியில் அதே கால் சதவீதம் ஆறு ரூபாய்க்கு மேல். நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் அது. அதற்கும் முன்னால் கீழே வரும் இடம்.

## அறிகுறி: ஷீட் சரி, சந்தை விலையோடு ஒட்டவில்லை

ஷீட் 204.6 காட்டுகிறது, திரையில் அதே கால் 188-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே பெரும்பாலோர் வாலட்டிலிட்டியைக் குறைத்துப் பொருத்திவிடுகிறார்கள். 12.4 அளவில் போட்டால் பொருந்தியும் விடும். அதைச் செய்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலில் விலையின் வயது. திரையில் தெரிவது கடைசியாக வர்த்தகமான விலை. ஆள் நடமாட்டம் குறைந்த ஸ்ட்ரைக்கில் அது ஸ்பாட் வேறெங்கோ இருந்தபோது பதிவானதாக இருக்கலாம். வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் நடுவை எடுத்து ஒப்பிடுங்கள். உங்கள் ஷீட்டின் விலை அந்த இரண்டுக்கும் இடையில் விழுந்தால் கோளாறே இல்லை.

அடுத்தது ஃபார்வர்டு. என் அனுபவத்தில் முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான். சூத்திரம் ஸ்பாட்டை வட்டியோடு வளர்த்து, 30 நாள் கழித்து நிஃப்டி 24,128.6-இல் இருக்கும் என்ற கணக்கை மையமாக வைத்துக்கொள்கிறது. ஆனால் நிஃப்டியில் உள்ள நிறுவனங்கள் டிவிடெண்ட் கொடுக்கும்போது குறியீடு அந்த அளவுக்கு இறங்கும். அந்தப் பணம் கால் வைத்திருப்பவருக்கு வராது. நிதி திரட்டும் செலவு, ஃபியூச்சருக்கு இருக்கும் தேவை இவையும் சேர்ந்துகொள்ளும். ஆப்ஷன் சந்தை இவை எல்லாவற்றையும் சேர்த்த ஃபார்வர்டை வைத்தே விலை சொல்கிறது.

இது ஃபார்வர்டு பிழைதானா என்று அறிய ஒரே ஸ்ட்ரைக்கின் காலையும் புட்டையும் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியாக ஐ.வி., அதாவது சந்தை விலையோடு ஷீட்டைப் பொருத்தும் வாலட்டிலிட்டி எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். நம் உதாரணத்தில் காலுக்கு 12.4, புட்டுக்கு 14.2 என்று வரும். ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காலில் குறைவு, புட்டில் அதிகம் என்றால் நீங்கள் கொடுத்த ஸ்பாட் மிக உயரம். தலைகீழாக இருந்தால் மிகத் தாழ்வு. வாலட்டிலிட்டியை மாற்றி இதைச் சரிசெய்யவே முடியாது. காலைப் பொருத்தினால் புட் இன்னும் விலகிப்போகும்.

சரிசெய்வது எளிது. ஸ்பாட்டுக்கு அருகில் உள்ள ஒரு ஸ்ட்ரைக்கை எடுங்கள். 24,000 கால் 397, புட் 317.5 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 79.5. அதை வட்டியோடு வளர்த்தால் (1.00536-ஆல் பெருக்கினால்) 79.9, ஸ்ட்ரைக்கோடு கூட்டினால் ஃபார்வர்டு 24,080. மாத எக்ஸ்பைரிக்கு அதே தேதி ஃபியூச்சர் விலையையும் பார்த்துக்கொள்ளலாம். வார எக்ஸ்பைரிக்கு அதே தேதியில் ஃபியூச்சர் இருக்காது என்பதால் இந்தக் கழித்தல் வழிதான் கைகொடுக்கும். இப்போது B1-இல் ஸ்பாட்டை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

```
B1: =24080*EXP(-B4*B3)
```

B1 23,951.7 ஆகும், B8 சுமார் 188.3 ஆகும். வாலட்டிலிட்டியைத் தொடவே இல்லை, 13%-இலேயே பொருந்திவிட்டது. இது ஃபிஷர் பிளாக் 1976-இல் ஃபியூச்சர் மீதான ஆப்ஷன்களுக்குக் கொடுத்த வடிவத்தோடு ஒன்றாகும் கணக்கு. சூத்திரத்தை மாற்றி எழுதாமல் உள்ளீட்டை மாற்றுவது மட்டும்தான் இதில் வேலை.

பிறகு காலம். ஒரு மாத ஆப்ஷனில் நாட்காட்டி நாளை 365-ஆல் வகுத்தாலும், வர்த்தக நாளை 252-ஆல் வகுத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. செவ்வாய்க்கிழமை முடியும் வார ஆப்ஷனை வெள்ளி மாலையில் பாருங்கள்: நாட்காட்டியில் 4 நாள், வர்த்தகத்தில் 2 நாள். முதல் கணக்கின் T 0.01096, இரண்டாவதில் 0.00794. ஸ்பாட்டுக்கு அருகிலுள்ள காலின் விலை T-இன் வர்க்கமூலத்தோடு நகரும் என்பதால் வித்தியாசம் 17 சதவீதத்துக்கு மேல். வெள்ளி மாலை உங்கள் ஷீட் விலை அதிகமாகவும் திங்கள் காலை குறைவாகவும் தெரிந்தால் காரணம் இதுதான். எந்தக் கணக்கை எடுத்தாலும் அதையே தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கில் எடுத்த ஐ.வி.-யை இன்னொரு கணக்கில் போடாதீர்கள்.

கடைசியாக வாலட்டிலிட்டி. இத்தனைக்குப் பிறகும் ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் வித்தியாசம் ஒழுங்காக மாறிக்கொண்டே போனால், அதாவது தாழ்ந்த ஸ்ட்ரைக்குகளில் சந்தை விலை உங்கள் விலையைவிட அதிகம், உயர்ந்த ஸ்ட்ரைக்குகளில் குறைவு என்றால், அது ஷீட்டின் பிழை இல்லை. சூத்திரம் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே σ என்கிறது. சந்தை அப்படி நினைக்கவில்லை. வீழ்ச்சிக்குப் பயந்து தாழ்ந்த ஸ்ட்ரைக்குகளுக்கு அதிக விலை கொடுக்கிறது. ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் அதன் பக்கத்து ஸ்ட்ரைக்குகளின் ஐ.வி.-யைப் போடுங்கள். இந்தியா விக்ஸ் எண்ணை எடுத்து எல்லா ஸ்ட்ரைக்குக்கும் போடுவது சரியில்லை. அது பல ஸ்ட்ரைக்குகளைச் சேர்த்து, அடுத்த 30 நாளுக்காகக் கணக்கிட்ட ஒற்றை எண்.

## அறிகுறி: ஐ.வி. கிடைக்கவே இல்லை

`Goal Seek` ஓடி ஓடி நிற்கிறது, அல்லது σ மைனஸாகிறது. பெரும்பாலும் பணத்துக்குள் ஆழமாக இருக்கும் காலில் நடக்கும்.

22,000 கால் திரையில் 2,085 என்று வையுங்கள். σ-வை எவ்வளவு குறைத்தாலும் காலின் விலை S-இலிருந்து தள்ளுபடி செய்த K-ஐக் கழித்த அளவுக்குக் கீழே இறங்காது. ஸ்பாட் 24,000 என்று கொடுத்தால் அந்தத் தரை 2,117. சந்தை விலை தரைக்குக் கீழே இருப்பதால் அதற்கு விடையே கிடையாது; நிரலை மாற்றினாலும் வராது. ஃபார்வர்டிலிருந்து எடுத்த 23,951.7-ஐக் கொடுத்தால் தரை 2,069 ஆகிறது, விடை கிடைத்துவிடும். ஆக, முதல் சோதனை மறுபடியும் B1.

தரைக்கு மேலே இருந்தும் தடுமாறினால், அந்த ஸ்ட்ரைக்கில் வாலட்டிலிட்டி ஒரு சதவீதம் மாறினால் விலை சில ரூபாய்தான் நகரும். வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால் எந்த σ-வும் பொருந்தும். அங்கே காலை விட்டுவிட்டு அதே ஸ்ட்ரைக்கின் புட்டிலிருந்து ஐ.வி. எடுங்கள், அங்கேதான் வர்த்தகம் நடக்கிறது.

## எங்கே நிறுத்தி, தெரிந்தவரிடம் போக வேண்டும்

எக்ஸ்பைரிக்கு முன்பே பயன்படுத்தக்கூடிய அமெரிக்க வகை ஆப்ஷன், டிவிடெண்ட் தரும் பங்கின் மீது இருந்தால் இந்த ஷீட் சரியான விலையைச் சொல்லாது. அமெரிக்கச் சந்தைகளில் தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் அந்த வகைதான். அதற்குப் படிப்படியான மர முறை வேண்டும். அதை எழுதத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்தச் சூத்திரத்தில் ஒட்டுப்போட்டுப் பார்க்க வேண்டாம்.

ஆப்ஷனை விற்று வைத்திருப்பவர், வெவ்வேறு ஸ்ட்ரைக்கும் எக்ஸ்பைரியும் கலந்து வைத்திருப்பவர், ஷீட்டின் விலையை வைத்து நஷ்ட எல்லையைத் தீர்மானிக்கப் போகிறார் என்றால், அதற்கு முன் ரிஸ்க் கணக்கு தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். σ ஒரே நாளில் 13-இலிருந்து 20-க்குத் தாவினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த ஷீட் விலை சொல்லும். அப்படித் தாவும் நாளில் ஸ்பாட்டும் கூடவே விழும், மார்ஜினும் ஏறும் என்பது இதில் இல்லை.

வேலை பார்க்கும் நிறுவனம் கொடுத்த ஈசாப்பை இதில் மதிப்பிடக் கேட்கிறவர்களும் உண்டு. பட்டியலிடப்படாத நிறுவனம் என்றால் S-உம் σ-உம் சந்தையிலிருந்து கிடைக்காது. இரண்டையும் ஒருவர் மதிப்பிட்டுத்தான் தர வேண்டும், வரிக்கணக்குக்கும் அந்த மதிப்பீட்டாளரின் சான்றுதான் செல்லும். அங்கே இந்த ஷீட்டால் ஆகக்கூடியது, அவர் தந்த உள்ளீடுகளைப் போட்டு அவர் சொன்ன விலை வருகிறதா என்று சரிபார்ப்பது. வரவில்லையென்றால் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, T-க்கு எத்தனை ஆண்டு போட்டார் என்பதை. ஊழியர்கள் சீக்கிரம் பயன்படுத்திவிடுவார்கள் என்று கருதி, ஒப்பந்தத்தில் உள்ள காலத்தைவிடக் குறைத்துப் போடுவது அந்தத் தொழிலில் வழக்கம்.